கையிருப்பு நேரமும் விருப்பப் பணியும்: ஒரு பின்னப் பாடத் திட்டத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஆறாம் வகுப்பு, 36 மாணவர்கள், பின்னங்கள் அலகு. நடத்தியவர் சில ஆண்டுகள் அனுபவம் உள்ள கணித ஆசிரியை. அவரோடு உட்கார்ந்து திட்டம் போட்டதும், சில பாடவேளைகளில் பின்வரிசையில் இருந்து பார்த்ததும் என் பங்கு. அலகுக்கு ஒதுக்கப்பட்டவை 15 பாடவேளைகள். ஒவ்வொன்றும் 40 நிமிடம். அலகுத் தேர்வின் தேதி மற்றப் பிரிவுகளுக்கும் பொதுவானது என்பதால் அதை நகர்த்த வழியில்லை.

முந்தைய ஆண்டு இதே அலகுக்கு அவர் போட்ட திட்டம் பார்க்க நேர்த்தியாக இருந்தது. 15 பாடவேளைக்கு 15 தலைப்பு, ஒவ்வொன்றும் சரியாக 40 நிமிடம். வாழ்க்கைக் கணக்குகள் கடைசி இரண்டு நாளில் வரும். நடந்தது வேறு: முதல் வாரத்திலேயே ஒரு நாள் பின்தங்கி, அடுத்த வாரம் இன்னொரு நாள் பின்தங்கி, கடைசியில் வாழ்க்கைக் கணக்குகள் முழுவதையும் அரைப் பாடவேளையில் கரும்பலகையில் போட்டுக் காட்டி முடித்திருந்தார். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

இந்த முறை திட்டம் போடும்போது அவர் முதலில் கேட்டது, "ஒவ்வொரு நாளும் அஞ்சு நிமிஷம் சேர்த்துப் போட்டுக்கலாமா?" என்று. அப்படிச் செய்யாமல், தடங்கல்களுக்கென்று முழுப் பாடவேளைகளையே ஒதுக்கி வைக்கும் கையிருப்புக்கும், சீக்கிரம் முடிப்பவர்களுக்கான விருப்பப் பணிகளுக்கும் போனதன் காரணங்களையும் விளைவுகளையும் கீழே எழுதியிருக்கிறேன்.

பழைய குறிப்பேட்டில் கண்டது

புதுத் திட்டத்துக்கு முன் முந்தைய ஆண்டின் வகுப்புக் குறிப்பேட்டை எடுத்துப் புரட்டினோம். திட்டம் போடுகிறவர்கள் தங்கள் பழைய அனுபவத்தைப் பார்க்காமல், எல்லாம் நினைத்தபடி நடக்கும் என்று மனதில் ஓட்டிப் பார்த்தே நேரத்தைக் கணக்கிடுகிறார்கள் என்று உளவியலாளர்கள் கானமனும் டுவெர்ஸ்கியும் 1979இல் எழுதினார்கள். இதற்கு நல்ல மருந்து பழைய பதிவுதான். ஆசிரியை நாள்தோறும் 'எங்கே நின்றது' என்று ஒரு வரி எழுதும் பழக்கம் உள்ளவர். அந்த ஒரு வரி இல்லையென்றால் இந்த வேலை நடந்திருக்காது.

போன நேரத்தைப் பிரித்துப் பார்த்தபோது மூன்று வகை தெரிந்தது. முதலாவது, தினமும் போகிற நேரம்: முந்தைய வகுப்பு முடிந்து பிள்ளைகள் வந்து உட்கார, நோட்டு எடுக்க, வருகைப் பதிவு முடிக்க என்று ஐந்தாறு நிமிடம். இரண்டாவது, வெளியிலிருந்து வரும் தடங்கல்: திடீர் அறிவிப்பு, ஒத்திகை, கூட்டம், ஆசிரியர் விடுப்பு. மூன்றாவது, வெளியே யாரும் தடங்கல் என்று சொல்லாத ஒன்று: சொல்லிக் கொடுத்தது வகுப்பில் பாதிப் பேருக்குப் போய்ச் சேரவில்லை, மறுநாள் திரும்ப நடத்த வேண்டியிருந்தது.

இதில் முதல் வகைக்குக் கையிருப்பு நேரம் தேவையில்லை. தினமும் போகிறது என்று தெரிந்தே இருக்கும் நேரத்தை எதிர்பாராத இழப்பு என்று சொல்வது சரியல்ல. அதைத் திட்டத்திலிருந்தே கழித்துவிட வேண்டும். 40 நிமிடப் பாடவேளையை 34 நிமிடமாகவே எழுதுவது என்று முடிவு செய்தோம். கேட்க எளிதாக இருந்தாலும் ஆசிரியைக்கு வலித்த முடிவு இதுதான். ஒவ்வொரு நாள் திட்டத்திலிருந்தும் ஒரு கணக்கையோ ஒரு விளக்கத்தையோ எடுக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது, மூன்றாவது வகைகளுக்குத்தான் கையிருப்பு. முந்தைய ஆண்டு இரண்டு முழுப் பாடவேளைகள் வெளித் தடங்கலிலும், ஒன்று திரும்ப நடத்தியதிலும் போயிருந்தன. ஆகவே மூன்று பாடவேளைகளைக் கையிருப்பாக வைத்தோம். மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு. இந்த விகிதம் எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். அது அந்த வகுப்பின் பதிவிலிருந்து வந்த எண்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

*கையிருப்பைத் தூவாமல் சேர்த்து வைத்தது.* தினமும் ஐந்து நிமிடம் கூட்டி வைத்தால் அது கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துவிடும். இருக்கும் நேரத்தை நிரப்பும் அளவுக்கு வேலை விரியும் என்று பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் பார்க்கின்சன் 1955இல் அரைக் கேலியாக எழுதியது வகுப்பறைக்கு அப்படியே பொருந்துகிறது: ஐந்து நிமிடம் இருந்தால் இன்னொரு உதாரணம் போடுவோம். அதுமட்டுமல்ல, தடங்கல் எல்லா நாளும் வருவதில்லை. ஒரு நாள் சும்மா கிடக்கும் ஐந்து நிமிடத்தை மறுநாள் முழு வகுப்பு போகும்போது கொண்டுபோய்க் கொடுக்க முடியாது. சேர்த்து வைத்தால் எங்கே இடிக்கிறதோ அங்கே கொடுக்கலாம். திட்ட மேலாண்மையில் கோல்ட்ராட் 1997இல் சொன்னதும் இதுதான்: ஒவ்வொரு வேலைக்குள்ளும் ஒளித்து வைக்கும் பாதுகாப்பு நேரத்தை வெளியே எடுத்து ஒன்றாக வை.

ஆனால் கோல்ட்ராட் அதைப் பெரும்பாலும் கடைசியில் வைக்கச் சொன்னார். பாடத்துக்கு அது முழுமையாக ஒத்துவரவில்லை. சமான பின்னம் புரியாமல் வேற்றினப் பின்னங்களைக் கூட்ட முடியாது. கூட்டல் தடுமாறினால் கலப்புப் பின்னம் நகராது. இங்கே ஓட்டை விழுந்தால் 15ஆம் நாள் வரை காத்திருக்க முடியாது. அதனால் மூன்று கையிருப்பையும் மூன்று வாசலில் நிறுத்தினோம். திட்டம் இப்படி அமைந்தது:

- பாடவேளை 1, 2: பின்னத்தின் பொருள், எண்கோட்டில் பின்னம்
- 3, 4: சமான பின்னங்கள்
- 5: கையிருப்பு
- 6: ஒப்பிடுதல்
- 7, 8: வேற்றினப் பின்னங்களின் கூட்டல்
- 9: கழித்தல்
- 10: கையிருப்பு
- 11, 12: கலப்புப் பின்னங்கள், அவற்றின் கூட்டல் கழித்தல்
- 13, 14: வாழ்க்கைக் கணக்குகள்
- 15: கையிருப்பு

*ஒவ்வொரு நாளுக்கும் வெட்டுக் கோடு.* பாடக் குறிப்பில் ஒவ்வொரு பாடவேளையின் கீழும் இரண்டு கோடு போட்டோம். முதல் கோட்டுக்கு மேலே இருப்பது நடக்காவிட்டால் அடுத்த நாள் பாடம் நகராது. இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருப்பது நடந்தால் நல்லது. கடைசிக் கோட்டுக்குக் கீழே இருப்பது நேரம் இருந்தால் மட்டும். சிறு தடங்கல் வந்தால் கீழிருந்து வெட்டுவது; முதல் கோட்டுக்கு மேலே உள்ளது விடுபட்டால் மட்டும் கையிருப்பைத் தொடுவது. இந்த விதியை முன்கூட்டி எழுதி வைத்தது முக்கியம். வகுப்பு நடுவில் நின்றுகொண்டு எதை விடுவது என்று யோசித்தால், பெரும்பாலும் பிள்ளைகள் தாங்களாகப் போட வேண்டிய பயிற்சியைத்தான் விடுவோம். நம் விளக்கத்தை விட மனசு வராது.

*விருப்பப் பணிகள்.* இவை அட்டைகளாகத் தயாரானவை. முந்தைய ஆண்டும் ஆசிரியையிடம் கூடுதல் பணிகள் இருந்தன. முதலில் முடித்தவர்களுக்கு அடுத்த பாடத்தின் கணக்குகளைக் கொடுத்திருந்தார். அதனால் வந்த சிக்கல் குறிப்பேட்டில் தெளிவாக இருந்தது: கலப்புப் பின்னம் ஆரம்பித்த நாளில் ஏழெட்டுப் பேர் அதை ஏற்கெனவே ஒருவிதமாகக் கற்றிருந்தார்கள், மற்றவர்கள் இல்லை. அந்த ஏழெட்டுப் பேர் கையைத் தூக்கிப் பதில் சொன்னதால் வகுப்புக்கே தெரியும் என்று தோன்றி விளக்கம் குறைந்தது. விருப்பப் பணி என்று பெயர் இருந்தாலும் அதற்குள் கட்டாயப் பாடம் நுழைந்துவிட்டிருந்தது.

ஆகவே இந்த முறை அட்டைக்கு நிபந்தனைகள் வைத்தோம். அதுவரை நடந்த பாடத்தை மட்டும் வைத்துச் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும், ஆனால் அதையே திரும்பச் செய்வதாக இருக்கக்கூடாது. ஆசிரியர் துணை இல்லாமல் தொடங்க முடிய வேண்டும். எந்த நிமிடத்தில் நிறுத்தினாலும் கையில் ஏதாவது முடிந்திருக்க வேண்டும். செய்யாதவர்களுக்கு அடுத்த நாள் எதுவும் குறையக்கூடாது.

இந்த நிபந்தனைகளுக்குச் சரியாகப் பொருந்தியது ஓரலகுப் பின்னக் கூட்டல். பழைய எகிப்தியர்கள் பின்னங்களைப் பெரும்பாலும் தொகுதி 1 உள்ள வெவ்வேறு பின்னங்களின் கூட்டலாகவே எழுதினார்கள் (2/3க்குத் தனிக் குறியீடு உண்டு). கி.மு. 1550ஐ ஒட்டிய ரைண்ட் பாப்பிரஸில் தொகுதி 2 உள்ள பின்னங்களை அப்படிப் பிரித்துக் காட்டும் பட்டியலே இருக்கிறது. பகுதி 3 முதல் 101 வரையுள்ள ஒற்றை எண்களுக்கு. அட்டையில் எழுதியது இவ்வளவுதான்: "3/4, 5/6, 3/5, 4/5 ஆகியவற்றைத் தொகுதி 1 உள்ள பின்னங்களின் கூட்டலாக எழுது. ஒரே பின்னம் இரண்டு முறை வரக்கூடாது. ஒன்று கிடைத்தால் இன்னொரு வழி இருக்கிறதா என்று பார்." 3/4 உடனே வந்துவிடும், 1/2 + 1/4. 4/5 கொஞ்சம் இழுக்கும். எங்கே நிறுத்தினாலும் ஒன்றிரண்டு முடிந்திருக்கும்.

இன்னொரு அட்டை பின்னங்களால் ஆன மாயச் சதுரம். அது எப்படிப் போனது என்பது பின்னால் வருகிறது.

கையிருப்பு நாட்களைப் பற்றிப் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. வகுப்பறைச் சுவரில் ஒட்டிய அட்டவணையில் அந்த நாட்களுக்கு 'பயிற்சி' என்று போட்டிருந்தார் ஆசிரியை.

முதல் வாரம்

இரண்டாம் பாடவேளையில் ஒலிபெருக்கி அறிவிப்பும் அதைத் தொடர்ந்து இடமாற்றமுமாகக் கிட்டத்தட்ட 15 நிமிடம் போனது. எண்கோட்டில் 1ஐத் தாண்டிய பின்னங்களைக் குறிக்கும் பயிற்சி கடைசிக் கோட்டுக்குக் கீழே இருந்தது, அது வெட்டுப்பட்டது. நடுப்பகுதியில் இருந்த ஜோடிப் பயிற்சியும் பாதிதான் நடந்தது. முதல் கோட்டுக்கு மேலே இருந்தது முழுதாக முடிந்தது. கையிருப்பைத் தொடவில்லை. வகுப்பு முடிந்ததும் ஆசிரியை சொன்னது: "போன வருஷமா இருந்தா நாளைக்குக் காலையில இதையே தொடர்ந்திருப்பேன்."

நான்காம் பாடவேளை தீ விபத்து ஒத்திகையில் முழுதாகப் போனது. சமான பின்னத்தின் இரண்டாம் பகுதி, அதாவது பொதுப் பகுதிக்கு மாற்றுவது, ஐந்தாம் பாடவேளைக்கு நகர்ந்தது. முதல் கையிருப்பு தீர்ந்தது. இதில் யோசிக்க எதுவும் இல்லை.

ஆறாம் பாடவேளையில் சீக்கிரம் முடித்தவர்களுக்கு மாயச் சதுர அட்டை போனது. ஐந்து நிமிடத்துக்குள் நான்கு கை உயர்ந்தது. "மிஸ், நடுவுல எது வரும்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஆசிரியை அந்த மேசைக்குப் போனார், அதே நேரம் ஒப்பிடுதலில் திணறிக்கொண்டிருந்த மேசை காத்திருந்தது. விருப்பப் பணியால் ஆசிரியருக்கு நேரம் மிச்சமாக வேண்டும். இங்கே அதுவே நேரத்தைத் தின்றது. அன்றே அந்த அட்டையை எடுத்துவிட்டோம். கணக்கு கடினம் என்பது காரணமல்ல. முதல் அடியை எடுத்து வைக்க ஒரு குறிப்பு தேவைப்பட்டது, அதுதான் காரணம். அதற்குப் பிறகு ஒரு எளிய சோதனை வைத்துக்கொண்டோம்: அட்டை கொடுத்த ஐந்து நிமிடத்துக்குள் மூன்று கை உயர்ந்தால் அது விருப்பப் பணிக்கு ஆகாது.

இரண்டாம் வாரம்: கையிருப்பை முன்னால் இழுத்தது

எட்டாம் பாடவேளையின் கடைசி மூன்று நிமிடத்தில் எல்லோரும் ஒரு துண்டுத் தாளில் ஒரே ஒரு கணக்கைப் போட்டுக் கொடுத்தார்கள்: 1/2 + 1/3. தாள்களைப் பிரித்து அடுக்கியபோது 36இல் 11 தாளில் 2/5 என்று இருந்தது. மேலே மேலே கூட்டு, கீழே கீழே கூட்டு. பின்னங்களில் அடிக்கடி பார்க்கும் தவறுதான், ஆனால் இரண்டு நாள் நடத்திய பிறகு மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கமாக இருப்பது லேசான விஷயமில்லை.

மறுநாள் கழித்தல். கையிருப்பு அதற்கும் மறுநாள். திட்டப்படியே போய், கழித்தலையும் நடத்திவிட்டு, பத்தாம் நாளில் இரண்டையும் சேர்த்துச் சரிசெய்யலாம் என்பது ஆசிரியையின் முதல் எண்ணம். இதில் என் கருத்து வேறாக இருந்தது. கூட்டலில் 2/5 எழுதுகிற பிள்ளை கழித்தலிலும் அதே வழியில்தான் போகும். ஒரு நாள் கூடுதலாகப் பழகிய தவறை எடுப்பது இன்னும் கஷ்டம். பேசியபின் கையிருப்பை ஒன்பதாம் பாடவேளைக்கு இழுத்து, கழித்தலைப் பத்துக்குத் தள்ளினோம். கையிருப்பு நாள் என்று அட்டவணையில் ஒரு தேதி இருப்பது, அதுவரை பொறுக்க வேண்டும் என்பதற்காக அல்ல.

அடுத்த கேள்வி: அந்த 34 நிமிடத்தை யாருக்குச் செலவிடுவது? 11 பேருக்குத் திரும்ப நடத்த வேண்டும். சரியாகப் போட்ட 25 பேர் என்ன செய்வார்கள்? முந்தைய ஆண்டு இதே நிலையில் வகுப்பு முழுவதுக்கும் திரும்ப நடத்தியிருந்தார். தெரிந்தவர்கள் சலித்தார்கள், தெரியாதவர்கள் கூட்டத்தோடு தலையாட்டினார்கள். விருப்பப் பணி அட்டைகள் உண்மையில் வேலை செய்தது இங்கேதான். அவை சீக்கிரம் முடிக்கிறவர்களுக்கு வெகுமதி என்று நினைத்துத்தான் தொடங்கினோம். ஆனால் அட்டைகள் இருந்ததால்தான் கையிருப்பு நேரத்தைத் தேவைப்படுகிறவர்களுக்கு மட்டும் கொடுக்க முடிந்தது. அட்டை இல்லாத கையிருப்பு, வகுப்பு முழுவதையும் ஒரே இடத்தில் நிறுத்தி வைக்கும் இன்னொரு பாடவேளை, அவ்வளவுதான். அதேபோல் கையிருப்பு இல்லாமல் அட்டை மட்டும் இருந்தால், அது முதலில் முடிப்பவர்களின் ஓட்டப்பந்தயமாகிவிடும்.

11 பேரும் முன்பக்கம் இரண்டு மேசைகளைச் சேர்த்து உட்கார்ந்தார்கள். ஆளுக்கு 30 செ.மீ. நீளக் காகிதப் பட்டை. அது ஒன்று, முழுமை. பாதியை வெட்டினால் 15 செ.மீ., மூன்றில் ஒன்று 10 செ.மீ. இரண்டையும் முனையோடு முனை சேர்த்து வைத்தால் 25 செ.மீ. வருகிறது. பிறகு ஆசிரியை, "நீங்க எழுதின 2/5 எவ்வளவு நீளம்னு வெட்டிப் பாருங்க" என்றார். ஐந்தாகப் பிரித்தால் ஒரு பங்கு 6, இரண்டு பங்கு 12 செ.மீ. அந்தப் பட்டையைப் பாதிப் பட்டைக்குப் பக்கத்தில் வைத்த ஒரு பெண் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "மிஸ், பாதியோட இன்னொன்னு சேர்த்தா பாதியை விடச் சின்னதா ஆகுது" என்றாள். அதற்குப் பிறகு ஆசிரியை விளக்கியது குறைவு. 30 செ.மீ.யைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் இல்லை. 2, 3, 5 மூன்றாலும் மீதியில்லாமல் வகுபடும் என்பதால் எல்லா நீளமும் முழு எண்ணாக வரும். பட்டையை 5 செ.மீ. துண்டுகளாக மடித்தால் முழுமை ஆறு பங்கு, 25 செ.மீ. ஐந்து பங்கு. 5/6 கண்முன்னே இருக்கிறது.

பின்பக்கம் 25 பேரும் அட்டையோடு இருந்தார்கள். 4/5 இடத்தில் இரண்டு மேசைகளுக்கு நடுவே வாக்குவாதம். ஒரு பக்கம் 1/2 + 1/4 + 1/20 என்று எழுதியிருந்தது, மறுபக்கம் 1/2 + 1/5 + 1/10. இவர்கள் அவர்களைத் தப்பு என்றார்கள், அவர்கள் இவர்களை. தீர்க்க வேண்டுமென்றால் இரண்டையும் பொதுப் பகுதிக்கு மாற்றிக் கூட்டிப் பார்க்க வேண்டும். முதலாவது 10/20 + 5/20 + 1/20 = 16/20; இரண்டாவது 5/10 + 2/10 + 1/10 = 8/10. இரண்டுமே 4/5. ஆசிரியை அந்தப் பக்கம் வரவே இல்லை. பயிற்சிப் புத்தகத்தில் ஒரு பக்கம் போடச் சொன்னாலும் இந்த அளவுக்குப் பொதுப் பகுதிக்கு மாற்றிப் பழகியிருப்பார்களா என்பது சந்தேகம்.

கடைசிப் பத்து நிமிடம் முன்பக்க 11 பேருக்கும் அதே அட்டை போனது, 3/4, 5/6 இரண்டுக்கு மட்டும். இதை ஆசிரியைதான் சொன்னார். எப்போதும் அதே ஆறேழு பேர் கைக்கே அட்டை போவதை மற்றப் பிள்ளைகள் கவனிக்கிறார்கள் என்றார். அவர் சொன்னது சரிதான்.

மூன்றாம் வாரம்: கையிருப்பு போதாமல் போனது

பதினொன்றாம் பாடவேளை திட்டப்படி நடந்தது. 12, 13 இரண்டு நாளும் ஆசிரியைக்குக் காய்ச்சல். மாற்றாக வந்தவர் மொழி ஆசிரியர். இதை எதிர்பார்த்து ஒரு பக்கம் எழுதி மேசை இழுப்பறையில் வைத்திருந்தோம்: புதுப் பாடம் எதுவும் வேண்டாம், ஒரு நாள் ஓரலகுப் பின்ன அட்டை எல்லோருக்கும், இன்னொரு நாள் கூட்டல் கழித்தல் கலந்த பயிற்சித் தாள், விடைத் தாளோடு. அவர் அப்படியே செய்தார். இரண்டு நாளும் வீணாகவில்லை என்று சொல்லலாம், ஆனால் பாடம் நகரவில்லை.

மிச்சம் இரண்டு பாடவேளை. நடத்த வேண்டியவை கலப்புப் பின்னங்களின் கூட்டல் கழித்தல் ஒன்று, வாழ்க்கைக் கணக்குகள் இரண்டு. கடைசிக் கையிருப்பைச் செலவழித்தும் ஒன்று இடித்தது. 14இல் கலப்புப் பின்னம். 15இல் வாழ்க்கைக் கணக்குகள் இரண்டு நாளுக்குரியவையும் சேர்த்து. அந்த 15ஆம் நாளில் காலைக் கூட்டம் நீண்டு, பாடவேளை 15 நிமிடம் தாமதமாகத் தொடங்கியது.

இங்கே வெட்டுக் கோடு மறுபடி உதவியது, ஆனால் விலை கொடுத்து. ஒரே படியில் முடியும் கணக்குகள் (எவ்வளவு மொத்தம், எவ்வளவு மீதி) கோட்டுக்கு மேலே இருந்தன. அவை நடந்தன, பிள்ளைகளே போட்டார்கள். இரண்டு படிக் கணக்குகள், அதாவது முதலில் கூட்டி அப்புறம் முழுமையிலிருந்து கழிப்பவை, முழுவதும் விடுபட்டன. அவசர அவசரமாக ஒன்றைக் கரும்பலகையில் போட்டுக் காட்டலாமா என்று ஆசிரியை நினைத்திருக்கிறார்; விட்டுவிட்டார். விட்டது நல்லது என்றே நினைக்கிறேன். நடத்தவில்லை என்று குறிப்பேட்டில் தெளிவாக இருந்தால் அடுத்த அலகில் எடுத்துக்கொள்ளலாம். காட்டிவிட்டோம் என்று இருந்தால் அது நடந்ததாகவே எண்ணி மறந்துபோகும்.

விளைவு

அலகுத் தேர்வில் வேற்றினப் பின்னக் கூட்டலில் மேலே மேலே, கீழே கீழே கூட்டிய தவறு 36இல் மூன்று பேரிடம் இருந்தது. கலப்புப் பின்னம் சுமாராக வந்தது. இரண்டு படி வாழ்க்கைக் கணக்கைச் சரியாக முடித்தவர்கள் 14 பேர். நடத்தாத ஒன்றுக்கு இது மோசமில்லை என்றாலும், மற்றப் பிரிவுகள் அதை நடத்தியிருந்ததால் ஆசிரியைக்குச் சங்கடமாக இருந்தது.

முந்தைய ஆண்டின் மதிப்பெண்களோடு இதை ஒப்பிடவில்லை. பிள்ளைகள் வேறு, வினாத்தாள் வேறு. ஒப்பிட முடிந்தது திட்டத்தின் போக்கை மட்டும்தான். முந்தைய ஆண்டு மூன்று பாடவேளை போனதற்குக் கடைசிப் பகுதி அரைப் பாடவேளையில் அவசரமாக ஓடியது. இந்த ஆண்டு ஒத்திகை, மறு விளக்கம், இரண்டு நாள் விடுப்பு என்று நான்கு முழுப் பாடவேளையும், துண்டுத் துண்டாக அரை மணி நேரமும் போயும், விடுபட்டது ஒரு வகைக் கணக்கு மட்டும். அது எது என்றும் தெரிந்தே விடுபட்டது. அடுத்த அலகின் முதல் இரண்டு பாடவேளைகளில் தொடக்கப் பயிற்சியாக அதை எடுத்துக்கொண்டார்கள்.

மாற்ற வேண்டியவை

கையிருப்பின் அளவை நான்காக்கலாமா என்று ஆசிரியை கேட்டார். எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டு நாள் தொடர் விடுப்பு ஒவ்வொரு அலகிலும் வருவதில்லை. நான்கை ஒதுக்கினால் பாடம் 11 பாடவேளைக்குச் சுருங்கும், அங்கே அவசரம் வரும். கையிருப்பு எல்லா இழப்பையும் தாங்க வேண்டியதில்லை. அது தீர்ந்தபின் எது விழ வேண்டும் என்பதை முன்பே தீர்மானித்து வைத்தால் போதும்.

மாற்ற வேண்டியது வரிசை. எந்தத் திட்டத்திலும் கடைசியில் இருப்பதுதான் எல்லா இழப்பையும் வாங்கிக்கொள்கிறது. இரண்டு ஆண்டும் அடி வாங்கியது வாழ்க்கைக் கணக்குகள். அவை கடினம் என்பதால் அல்ல, கடைசியில் இருந்ததால். வாழ்க்கைக் கணக்கைத் தனித் தலைப்பாகக் கடைசியில் வைக்காமல், ஏழாம் பாடவேளையிலிருந்து தினமும் ஒன்றை முதல் கோட்டுக்கு மேலேயே வைப்பது என்று அடுத்த முறைக்கு எழுதி வைத்திருக்கிறோம். அப்போது கடைசியில் எது இருக்கும்? கலப்புப் பின்னக் கழித்தலில் முழு எண்ணிலிருந்து கடன் வாங்கும் வகை. அது விடுபட்டாலும் தகாப் பின்னமாக மாற்றிக் கழிக்கும் வழி கையில் இருக்கிறது.

மாற்று ஆசிரியருக்கான பக்கத்தை ஒரு நாளுக்கு மட்டும் எழுதினால் போதாது. இந்த முறை இரண்டு நாளுக்கு இருந்தது அதிர்ஷ்டம். அதைத் திட்டத்தின் பகுதியாகவே வைக்க வேண்டும். விருப்ப அட்டைகளில் இரண்டாவதாக ஒன்று இன்னும் தேவை. ஓரலகுப் பின்ன அட்டை மூன்று முறை வெளியே வந்துவிட்டது, மூன்றாம் முறை சிலர் போன தடவை எழுதிய விடையையே எடுத்து வைத்தார்கள். "2/5ஐயும் 3/5ஐயும் விடப் பொருத்தமாக நடுவில் வரும் மூன்று பின்னங்களைக் கண்டுபிடி" என்ற வகை அட்டையைப் பரிசோதித்துப் பார்த்தோம். 1/2 உடனே வருகிறது, அதற்குப் பிறகு பகுதியைப் பெரிதாக்கினால் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும் என்று அவர்களே பிடித்துக்கொள்கிறார்கள். 'பொருத்தமாக' என்ற சொல் குழப்பியது; "2/5க்கும் 3/5க்கும் நடுவில்" என்று மாற்றியதும் கை உயர்வது நின்றது.

இந்த ஏற்பாடு எல்லா வகுப்புக்கும் அப்படியே ஆகாது. ஆய்வகச் செய்முறை போல, தொடங்கினால் பாதியில் நிறுத்த முடியாத பாடங்களில் கீழிருந்து வெட்டும் வழி வேலை செய்யாது. 15 நிமிடம் போனால் அன்றைய செய்முறையே போய்விடும். அங்கே ஒவ்வொரு செய்முறைக்கும் சாதனம் தேவையில்லாத மாற்றுப் பாடவேளை ஒன்று தயாராக இருக்க வேண்டும். அதே பள்ளியின் அறிவியல் ஆசிரியர் ஒருவர் இதை முயன்று கொண்டிருக்கிறார். அவருடைய குறிப்பேட்டில் இன்னும் 'எங்கே நின்றது' வரி இல்லை. அதிலிருந்துதான் தொடங்கியிருக்கிறார்.